மருத்துவமனை மருந்தகத்தில் கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்து மருத்துவமனைகளில் புதிதாகச் சேரும் தமிழ்ச் செவிலியர்களும் மருந்தக ஊழியர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்களுக்கு மருந்துகள் பழகியவைதான். கணக்கு வைக்கும் முறை வேறு. இங்கே சொல்வது இங்கிலாந்துச் சட்டமும் நடைமுறையும். உங்கள் மருத்துவமனையின் எழுத்துபூர்வமான நடைமுறை விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

எந்தெந்த மருந்துக்கு இந்தப் பதிவேடு? வலி மருந்து எல்லாவற்றுக்குமா?

இல்லை. 2001ஆம் ஆண்டின் போதைப்பொருள் துஷ்பிரயோக விதிகள் மருந்துகளை ஐந்து அட்டவணைகளாகப் பிரிக்கின்றன. மருத்துவமனையில் நாம் கையாளுபவற்றில் பதிவேடு சட்டப்படி கட்டாயமாக இருப்பது இரண்டாம் அட்டவணைக்கு. மார்பின், டயமார்பின், ஃபென்டனில், ஆல்ஃபென்டனில், ஆக்சிகோடோன், பெத்திடின் ஆகியவை அதில் அடங்கும். 2015 நவம்பர் முதல் கெட்டமைனும் சேர்ந்துவிட்டது.

மிடசோலாம் மூன்றாம் அட்டவணையில் இருப்பதால் சட்டம் பதிவேடு கேட்கவில்லை. ஆனாலும் பல மருத்துவமனைகள் அதற்கும் பக்கம் ஒதுக்கி எழுதுகின்றன. "சட்டம் கேட்கவில்லையே" என்று வாதாடிப் பயனில்லை. மருத்துவமனை எழுதச் சொன்னால் எழுதத்தான் வேண்டும்.

ஒரே மார்பினுக்கு ஏன் இத்தனை பக்கம்? ஒரு பக்கத்தில் எழுதினால் போதாதா?

மருந்து, வடிவம், வலிமை ஆகிய மூன்றில் எது மாறினாலும் பக்கம் மாறும். மார்பின் ஊசி 10 மி.கி./1 மி.லி. ஒரு பக்கம், 30 மி.கி./1 மி.லி. வேறொரு பக்கம், மாத்திரைக்கு இன்னொரு பக்கம். அந்த மூன்று விவரங்களையும் பக்கத்தின் தலைப்பிலேயே எழுத வேண்டும். பக்கம் திரும்பும்போது தலைப்பை எழுத மறப்பவர்கள் நிறையப் பேர். தலைப்பில்லாத பக்கத்தில் எழுதிய எண் எந்த மருந்துக்குரியது என்று பிறகு எவராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

வரவு வரியில் தேதி, யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு. செலவு வரியில் தேதி, எந்த வார்டுக்கு அல்லது எந்த நோயாளிக்கு, எந்தக் கோரிக்கைச் சீட்டின்படி, எவ்வளவு, யார் கொடுத்தார், யார் வாங்கினார். கடைசிப் பத்தியில் மீதி இருப்பு. அந்தக் கடைசிப் பத்தியைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

அவசர நேரத்தில் எப்படி உடனே எழுதுவது? ஷிப்ட் முடியும்போது மொத்தமாக எழுதிவிடலாமா?

மருந்தகப் பதிவேட்டுக்குச் சட்டம் தரும் அவகாசம் அதே நாள், முடியாவிட்டால் மறுநாள். காலவரிசையிலும் எழுத வேண்டும். அந்த அவகாசத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்பேன். அலமாரியைத் திறந்து பெட்டியை எடுத்த கையோடு எழுதினால், எழுதும்போதே மீதியை எண்ணிப் பார்க்க முடியும். மூன்று வார்டுகளுக்குக் கொடுத்துவிட்டு மாலையில் சீட்டுகளைப் பார்த்து எழுதுபவர் மீதியை எண்ணுவதில்லை, கழித்துத்தான் எழுதுகிறார். கழித்தல் சரியாக வரும். அலமாரியில் என்ன இருக்கிறது என்பதை அது காட்டாது.

தப்பாக எழுதிவிட்டேன். ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதலாம் அல்லவா?

கூடாது. நோயாளியின் கோப்பில் ஒற்றைக் கோடு போட்டுத் திருத்திப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றும். இந்தப் பதிவேட்டில் எந்த எழுத்தையும் அடிக்கவோ, அழிக்கவோ, மேலெழுதவோ விதிகள் இடம் தருவதில்லை. வெள்ளை மை பூசுவதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை.

தவறான வரி தவறாகவே இருக்கட்டும். அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இட்டு, ஓரத்திலோ பக்கத்தின் அடியிலோ சரியான விவரத்தையும் திருத்திய தேதியையும் எழுதிக் கையெழுத்திடுங்கள். இரண்டாவது ஆளின் கையெழுத்தையும் வாங்கிக்கொள்வது நல்ல வழக்கம். "37 என்று எழுதியது பிழை, 27 என்று இருக்க வேண்டும்" என்ற குறிப்பைப் பார்த்து எந்த ஆய்வாளரும் முகம் சுளிப்பதில்லை. 3 என்பதை 2 ஆக்க முயன்ற மைத் தடத்தைப் பார்த்தால்தான் கேள்விகள் தொடங்கும். பக்கத்தைக் கிழிப்பது அதைவிட மோசம்.

மீதி இருப்பு எழுதச் சட்டமே சொல்லவில்லை என்கிறார்களே? பிறகு ஏன் அதைப் பற்றியே பேசுகிறீர்கள்?

2001 விதிகள் வரவையும் செலவையும்தான் கேட்கின்றன, உண்மைதான். ஆனால் வரவும் செலவும் மட்டும் உள்ள பதிவேட்டைப் பார்த்து, இப்போது அலமாரியில் எத்தனை இருக்க வேண்டும் என்று யாரும் உடனே சொல்ல முடியாது. முதல் பக்கத்திலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். யாரும் அதைச் செய்யமாட்டார்கள். அதனால் குறைந்தது தெரியாமலே போகும்.

இந்த நாட்டில் இது பேச்சோடு நின்ற விஷயம் அன்று. ஹைட் என்ற ஊரின் குடும்ப மருத்துவர் ஹரோல்ட் ஷிப்மேன், 15 நோயாளிகளைக் கொன்றதாக 2000 ஜனவரியில் தண்டிக்கப்பட்டார். அவர் கையில் இருந்த கருவி டயமார்பின். நோயாளிகளின் பெயரில் எழுதி வாங்கியதையும், இறந்தவர்களின் வீட்டில் மிஞ்சியதையும் அவர் சேர்த்துவைத்திருந்தார். நீதிபதி ஜேனட் ஸ்மித் தலைமையிலான விசாரணை தன் நான்காவது அறிக்கையை 2004இல் முழுக்கவும் கட்டுப்பாட்டு மருந்துகளுக்கே ஒதுக்கியது. ஒவ்வொரு மருத்துவமனையிலும் இன்று இருக்கும் கட்டுப்பாட்டு மருந்துப் பொறுப்பு அதிகாரி என்ற பதவி, அதன் பிறகு வந்த 2006ஆம் ஆண்டுச் சுகாதாரச் சட்டத்தின் விளைவு. ஒவ்வொரு வரியிலும் மீதி எழுதுவதும் அதன் பிறகே எங்கும் பரவி, இன்று நல்ல நடைமுறையாக நிலைத்துவிட்டது.

எண்ணிக்கைக்குச் சாட்சி என்று கூப்பிடுகிறார்கள். போய்க் கையெழுத்துப் போட்டால் போதுமா?

அப்படிப் போடும் கையெழுத்து பொய்ச் சாட்சி. கடுமையாகச் சொல்வதற்கு மன்னிக்கவும், ஆனால் வேறு சொல் இல்லை. சாட்சி என்பவர் ஆம்பியூல்களைத் தன் கண்ணால் பார்த்து, தானே எண்ணியவர். மற்றவர் "நாற்பத்திரண்டு" என்று சொல்ல, நீங்கள் தலையாட்டியது எண்ணிக்கை ஆகாது.

நான் எல்லோருக்கும் சொல்லும் வரிசை இது. முதலில் பதிவேட்டைப் பார்க்காதீர்கள். ஒருவர் பெட்டிகளை வெளியே எடுத்து வைக்கட்டும். நீங்கள் எண்ணி, எண்ணைச் சத்தமாகச் சொல்லுங்கள். அதன் பிறகு மற்றவர் பதிவேட்டில் உள்ள மீதியை வாசிக்கட்டும். மீதி 42 என்று முதலிலேயே தெரிந்துவிட்டால், கண் 42ஐத்தான் தேடும்; 41ஐயும் 42 என்று எண்ணிவிடும். எண்ணும்போது ஒவ்வொரு திறந்த பெட்டியிலும் ஓர் ஆம்பியூலையாவது கையில் எடுத்து, அதன் மேலுள்ள பெயரையும் வலிமையையும் காலாவதித் தேதியையும் படியுங்கள். பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். ஆம்பியூலின் கழுத்தில் விரிசல், பசை ஒட்டிய தடம், அளவில் குறைவான திரவம் என்று ஏதாவது கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். எண்ணிக்கை பொருந்தினால் பதிவேட்டில் தனி வரியில் "இருப்பு சரிபார்க்கப்பட்டது, 42" என்று எழுதி, தேதியும் நேரமும் இட்டு, இருவரும் கையெழுத்திடுங்கள். வார்டுகளில் இது பெரும்பாலும் தினமும் நடக்கிறது. மருந்தகத்தின் கால இடைவெளியை உங்கள் நடைமுறை விதியில் பாருங்கள்.

சீல் பிரிக்காத பெட்டியையும் திறந்து எண்ண வேண்டுமா?

வேண்டாம். சீல் உடையாமல் இருந்தால் பெட்டியின் மேல் உள்ள எண்ணிக்கையை எடுத்துக்கொள்ளலாம். சீலைப் புரட்டிப் பார்த்து, ஒட்டிய இடம் கிழியவில்லை, மறுபடி ஒட்டப்படவில்லை என்று உறுதி செய்வதுதான் அப்போது உங்கள் வேலை. பெட்டியின் இரண்டு முனையையும் பாருங்கள். ஒரு முனையை மட்டும் பார்ப்பவர்கள்தான் அதிகம். சந்தேகம் இருந்தால் சாட்சியின் முன்னிலையில் திறந்து எண்ணுங்கள்.

ஊரில் காலி ஆம்பியூலைத் திருப்பிக் கொடுத்தால்தான் புது ஃபென்டனில் தருவார்கள். இங்கே காலியை எறிந்துவிடச் சொல்கிறார்களே, இது பாதுகாப்பா?

காலி ஆம்பியூலைத் திருப்பி வாங்குவது நம் ஊர் அறுவை அரங்குகளில் வழக்கம்தான். ஆனால் உடைந்த கண்ணாடி, ஆம்பியூல் திறக்கப்பட்டது என்பதை மட்டுமே நிரூபிக்கிறது. உள்ளே இருந்தது நோயாளியின் நரம்புக்குள் போனதா, வேறெங்காவது போனதா என்பதை அது சொல்லாது.

இங்கே கணக்கு வேறு இடத்தில் நிற்கிறது. வார்டின் கோரிக்கைப் புத்தகம், மருந்தகப் பதிவேடு, வார்டின் கட்டுப்பாட்டு மருந்துப் புத்தகம், நோயாளியின் மருந்துச் சீட்டு ஆகிய நான்கும் ஒரே ஆம்பியூலைப் பற்றி ஒரே விஷயத்தைச் சொல்ல வேண்டும். இந்த நான்கில் ஒன்றையாவது திருத்தாமல் ஓர் ஆம்பியூலை மறைக்க முடியாது. காலியை ஊசிக் கழிவுப் பெட்டியில் போடுங்கள்.

பாதி ஆம்பியூல்தான் நோயாளிக்குப் போனது. மீதியை என்ன செய்வது?

10 மி.கி. ஆம்பியூலில் 5 மி.கி. கொடுத்திருந்தால், வார்டுப் புத்தகத்தில் "5 மி.கி. கொடுக்கப்பட்டது, 5 மி.கி. அழிக்கப்பட்டது" என்று இரண்டையும் எழுத வேண்டும். அழித்ததைப் பார்த்தவர் கையெழுத்திட வேண்டும். மருந்தை ஆம்பியூலிலிருந்து எடுத்தது, கொடுத்தது, மீதியை அழித்தது ஆகிய மூன்றையும் ஒரே சாட்சி பார்த்திருப்பதே முறை. நோயாளிக்குக் கொடுத்து அரை மணி நேரம் கழித்து வேறொருவரைக் கூப்பிட்டு, சிரிஞ்சைக் காட்டி "இதை அழிக்கிறேன், கையெழுத்துப் போடுங்கள்" என்றால் போடாதீர்கள். அந்தச் சிரிஞ்சில் இருப்பது மார்பினா உப்புநீரா என்று உங்களுக்குத் தெரியாது. மறுப்பது சகஊழியரை அவமதிப்பதாகாது. மீதியைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றவும் கூடாது. அதை உறிஞ்சி இறுகச்செய்யும் டப்பா வார்டிலேயே இருக்கும்.

எண்ணிக்கை பொருந்தவில்லை. கை நடுங்குகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்?

முதலில், எந்த எண்ணையும் மாற்றாதீர்கள். மீதியை அலமாரிக்குப் பொருந்த எழுதிவிட்டுப் பிறகு தேடலாம் என்ற எண்ணமே வரக்கூடாது. சாட்சியை வேறொருவராக மாற்றி மறுபடி எண்ணுங்கள். அப்படியும் பொருந்தாவிட்டால், கடைசியாகச் சரியாக இருந்த சரிபார்ப்பு வரியைக் கண்டுபிடியுங்கள். தவறு அந்த வரிக்கும் இப்போதைக்கும் இடையில்தான் இருக்கிறது. பெரும்பாலும் கழித்தல் பிழை, விடுபட்ட வரி, வேறு பக்கத்தில் எழுதியது, வார்டுக்கு எடுத்து வைத்து இன்னும் போகாத பை, இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். திங்கட்கிழமை மார்பின் 10 மி.கி. பக்கத்தில் 62, 30 மி.கி. பக்கத்தில் 20, இரண்டும் சரி. புதன்கிழமை எண்ணும்போது 10 மி.கி. பதிவேட்டில் 37, அலமாரியில் 42. ஐந்து அதிகம். 10 மி.கி. பக்கத்தில் இடையில் மூன்று செலவு வரிகள்: 10, 10, 5. கழித்தல் சரி. இந்த இடத்திலேயே நின்று 10 மி.கி. பக்கத்தை முறைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பக்கத்து வலிமைகளையும் எண்ண வேண்டும். எண்ணினால், 30 மி.கி. பதிவேட்டில் 20, அலமாரியில் 15. அங்கே ஐந்து குறைவு. ஒரு பக்கம் ஐந்து கூடுதல், மறுபக்கம் ஐந்து குறைவு என்றால், அந்த மூன்றாவது வரி, புற்றுநோய் வார்டுக்குக் கொடுத்த ஐந்து ஆம்பியூல், சந்தேகத்துக்கு உரியது.

இங்கேதான் அவசரப்பட்டு மூச்சு விடுகிறார்கள். "30ஐக் கொடுத்துவிட்டுப் பக்கம் மாறி எழுதிவிட்டோம், அவ்வளவுதான்" என்று அடிக்குறிப்பு எழுதிவிட்டுப் போகிறார்கள். ஆனால் இன்னொரு சாத்தியமும் இதே எண்களைத்தான் தரும். வார்டு 10 மி.கி. கேட்டது, பதிவேட்டில் 10 என்று சரியாகவே எழுதினோம், ஆனால் பைக்குள் போனது 30 மி.கி. ஆம்பியூல். மருந்தகத்தின் எண்ணிக்கையை எத்தனை முறை பார்த்தாலும் இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது. முதலாவது எழுத்துப் பிழை. இரண்டாவது, இந்த நிமிடம் வார்டில் யாரோ ஒருவருக்கு மூன்று மடங்கு மார்பின் ஏறிக்கொண்டிருக்கலாம் என்பது.

எனவே கோரிக்கைச் சீட்டின் நகலை எடுங்கள். அதில் 30 மி.கி. என்று இருந்தால் பெரும்பாலும் பக்கப் பிழை, 10 மி.கி. என்று இருந்தால் உடனே வார்டைத் தொலைபேசியில் அழைத்து, அந்தப் பெட்டியைத் தொட வேண்டாம் என்று பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். எதுவாக இருந்தாலும் ஒருவர் நேரில் போய் வார்டு அலமாரியில் உள்ள ஆம்பியூலைக் கையில் எடுத்துப் படிக்க வேண்டும். 30 மி.கி. ஆம்பியூல் 10 மி.கி.க்குப் பதிலாகப் போயிருந்தால், அந்தப் பெட்டியிலிருந்து யாருக்காவது கொடுக்கப்பட்டதா என்று வார்டுப் புத்தகத்தில் பார்த்து, அந்த நோயாளியின் மூச்சையும் சுயநினைவையும் கவனிக்க மருத்துவரை வரச் சொல்லுங்கள். நலோக்சோன் தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். பதிவேடு அதன் பிறகு.

பக்கப் பிழை என்று உறுதியானால் திருத்தும் முறை மேலே சொன்னதுதான். 10 மி.கி. பக்கத்தில் அந்த வரி அப்படியே இருக்கும். நட்சத்திரமிட்டு, "இது 30 மி.கி. பக்கத்துக்குரியது, சரியான இருப்பு 42" என்று அடிக்குறிப்பு. 30 மி.கி. பக்கத்தில் அதே சீட்டு எண்ணுடன் தாமதப் பதிவு என்று குறிப்பிட்டு ஐந்து செலவு, இருப்பு 15. தேதி, இரு கையெழுத்து, ஒரு சம்பவ அறிக்கை.

அதிகமாகத்தானே இருக்கிறது? குறைந்தால்தானே பிரச்சினை?

முந்தைய பதிலில் வந்த ஐந்தும் "அதிகமாகத்தான்" இருந்தது. ஆம்பியூல் குட்டி போடாது. ஓரிடத்தில் கூடுதலாக இருந்தால், வேறிடத்தில் குறைகிறது, அல்லது கொடுத்ததாக எழுதப்பட்டது கொடுக்கப்படவில்லை. வலியில் இருக்கும் ஒருவருக்கு மருந்து போகவில்லை என்பது திருட்டைவிடச் சிறிய விஷயம் அன்று. எந்தப் பக்கம் வேறுபட்டாலும் தேடும் முறை ஒன்றே. தேடிக் கிடைக்காவிட்டால் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். திருட்டு என்று சந்தேகம் வந்தால் காவல்துறையை அழைப்பது பற்றி அவர் முடிவு செய்வார். நீங்களாக யாரையும் விசாரிக்க வேண்டாம்.

திரவ மருந்தில் சொட்டுச் சொட்டாகக் குறைகிறதே?

வாய்வழித் திரவத்தில் சிறிய வேறுபாடு இயல்பு. அளவுக் குவளையில் ஒட்டுவதும், தயாரிப்பாளர் சற்று அதிகமாக நிரப்புவதும் காரணம். எவ்வளவு வரை ஏற்கலாம் என்று உங்கள் நடைமுறை விதி சொல்லும். ஆம்பியூலுக்கு அப்படி எந்தச் சலுகையும் கிடையாது. அது ஒன்று இருக்கிறது, அல்லது இல்லை.

ஆம்பியூலில் 03/2025 என்று இருந்தால், மார்ச் முதல் தேதியே தூக்கி வைக்க வேண்டுமா?

நாள் குறிப்பிடாமல் மாதம் மட்டும் இருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை பயன்படுத்தலாம். ஏப்ரல் 1 முதல் கூடாது. மாத இறுதியில் இருப்பு எண்ணும்போதே அடுத்த மாதம் காலாவதியாகும் பெட்டிகளை முன்னால் வைத்துவிட்டால், அழிக்க வேண்டியது பெருமளவு குறையும்.

காலாவதியாகிவிட்டது. பதிவேட்டிலிருந்து அன்றைக்கே கழித்துவிடலாமா?

இந்தக் கேள்விக்குத் தவறான பதில் தெரிந்தவர்களே அதிகம். கழிக்கக் கூடாது. காலாவதியான ஆம்பியூலும் சட்டத்தின் கண்ணில் இரண்டாம் அட்டவணை மருந்துதான். உள்ளே இருக்கும் டயமார்பின் அந்தத் தேதியில் காணாமல் போய்விடுவதில்லை. அழிக்கப்படும்வரை அது இருப்பில் இருக்கும்.

உதாரணமாக, டயமார்பின் 10 மி.கி. பக்கத்தில் இருப்பு 23. அதில் எட்டு காலாவதி. அந்த எட்டையும் தனிப் பையில் போட்டு, "காலாவதி, கொடுக்கக் கூடாது" என்று பெரிதாக எழுதி, அதே பூட்டிய அலமாரியில் தனித் தட்டில் வையுங்கள். பதிவேட்டு இருப்பு 23ஆகவே நிற்கும். எண்ணும்போது 15 நல்லது, 8 காலாவதி, மொத்தம் 23 என்று பிரித்து எழுதுங்கள். கணக்கிலிருந்து கழித்துவிட்டு அலமாரியில் வைத்திருந்தால், அந்த எட்டு ஆம்பியூலைப் பற்றி உலகில் எந்தத் தாளும் பேசாது. யாராவது எடுத்துப்போனாலும் எந்த எண்ணிக்கையும் குறையாது. திருடத் தோதான மருந்து அதைவிட வேறில்லை.

வார்டில் காலாவதியானால் வார்டு அழிக்கக் கூடாது, மருந்தகத்துக்குத் திருப்ப வேண்டும். வார்டுப் புத்தகத்தில் இருவரும் கையெழுத்திட்டு அங்கே இருப்பைக் குறைத்து, மருந்தகத்தில் அதே நேரத்தில் ஏற்றிக்கொள்வார்கள்.

அழிக்கும்போது என் கூடப் பணிபுரியும் மருந்தாளுநரே சாட்சியாக இருக்கலாமா?

மருந்தக இருப்பில் உள்ள இரண்டாம் அட்டவணை மருந்துக்கு அது போதாது. அதற்கென்று எழுத்துபூர்வமாக அங்கீகரிக்கப்பட்டவர் முன்னிலையில்தான் அழிக்க வேண்டும். அந்த அங்கீகாரத்தைப் பொறுப்பு அதிகாரி வழங்கலாம். ஆனால் அவரே சாட்சியாக இருக்க முடியாது. சாட்சி அன்றாடம் அந்த மருந்துகளைக் கையாளாதவராக இருக்க வேண்டும். வாங்குபவரும் கொடுப்பவரும் எண்ணுபவரும் ஒரே குழு என்றால், அழித்ததையும் அதே குழு சொல்லக் கூடாது என்பதே காரணம். இதனால் அங்கீகாரம் பெற்றவர் வரும்வரை பல வாரம் காத்திருக்க நேரும். எரிச்சலாக இருக்கும். காத்திருங்கள்.

அழிப்பதை எப்படிச் செய்வது? ஆம்பியூலை அப்படியே டப்பாவில் போட்டால் கரைந்துவிடும் அல்லவா?

கரையாது. எல்லோரும் டூப் ஜாடி என்று அழைக்கும் பிளாஸ்டிக் ஜாடிக்குள் உள்ள பொருள், தண்ணீரோடு சேர்ந்து கூழாக இறுகி மருந்தைப் பிரிக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். மூடிய கண்ணாடிக்குள் அது எப்படி நுழையும்? கூழுக்குள் முழு ஆம்பியூலைப் போட்டால், கழுவி எடுத்தால் மருந்து முழுதாகக் கிடைக்கும்.

மேலே சொன்ன எட்டு டயமார்பினை எடுத்துக்கொள்வோம். சாட்சி முதலில் பதிவேட்டுப் பக்கத்தைப் படித்து, 15ஐயும் 8ஐயும் தானே எண்ணி, ஒவ்வோர் ஆம்பியூலின் மேலும் உள்ள பெயர், வலிமை, தேதியைப் பார்க்கட்டும். கையுறை, முகக்கவசம், காற்றோட்டமான இடம். டயமார்பின் உலர்ந்த தூள். கழுத்தை உடைத்தவுடன் கவிழ்த்தால் தூள் பறக்கும், சிறிது கண்ணாடியிலேயே ஒட்டியும் நிற்கும். எனவே உள்ளே சிறிது தண்ணீர் விட்டு, சுழற்றிக் கரைத்து, ஜாடியில் ஊற்ற வேண்டும். மார்பின், ஃபென்டனில் போன்ற திரவ ஆம்பியூலை உடைத்து நேராக ஊற்றலாம். காலிக் கண்ணாடி ஊசிக் கழிவுப் பெட்டிக்கு. எட்டும் முடிந்ததும் ஜாடியில் குறித்த அளவுவரை தண்ணீர் விட்டு, மூடிக் குலுக்கி, இறுகும்வரை பாருங்கள்.

பிறகு அதே மேசையில், சாட்சி போவதற்கு முன், பதிவேட்டில் எழுத வேண்டும்: தேதி, அழிக்கப்பட்டது 8, இருப்பு 15, அழித்தவர், அங்கீகரிக்கப்பட்ட சாட்சி. ஜாடி 24 மணி நேரம் பூட்டிய அலமாரியிலேயே இருந்து முழுதாக இறுகிய பிறகுதான், எரிப்பதற்குப் போகும் மருந்துக் கழிவில் சேரலாம்.

நோயாளியின் வீட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த மார்பினுக்கும் அதே சாட்சி வேண்டுமா?

வேண்டாம். அது மருத்துவமனையின் இருப்பு அன்று. பதிவேட்டின் இருப்பில் சேர்க்கவும் கூடாது, இன்னொருவருக்குக் கொடுக்கவும் கூடாது. அதற்கெனத் தனிப் புத்தகத்தில் வந்த தேதி, யாருடையது, எத்தனை என்று எழுதுங்கள். அங்கீகாரம் பெற்ற சாட்சி தேவையில்லை என்றாலும் சகஊழியர் ஒருவர் முன்னிலையில் அழித்து இருவரும் கையெழுத்திடுங்கள். காத்திருக்கும் காலத்தில் அதையும் பூட்டியே வையுங்கள், நம் இருப்போடு கலக்காமல்.

ஆம்பியூல் கை தவறி விழுந்து உடைந்துவிட்டது. தரையில் இருப்பதை எப்படிக் கணக்கில் காட்டுவது?

அங்கேயே நின்று சத்தமாக ஒருவரைக் கூப்பிடுங்கள். அவர் வந்து உடைந்த கண்ணாடியையும் ஈரத்தையும் பார்க்கும்வரை துடைக்காதீர்கள். பிறகு பதிவேட்டில் "உடைந்தது, 1" என்று எழுதி இருப்பைக் குறைத்து இருவரும் கையெழுத்திட்டு, சம்பவ அறிக்கை கொடுங்கள். ஆம்பியூல் உடைவது சாதாரணம். ஒரே ஆளின் ஷிப்டில், ஒரே மருந்து, சாட்சி வருவதற்கு முன்பே துடைக்கப்பட்டு அடிக்கடி உடைந்தால், அது அறிக்கைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் பொறுப்பு அதிகாரியின் கண்ணில்தான் படும். அறிக்கை எழுதச் சொல்வது அதற்காகவே.

இரவில் எங்கள் வார்டில் தீர்ந்துவிட்டது. பக்கத்து வார்டிலிருந்து ஒரு பெட்டி கடன் வாங்கலாமா?

பெட்டி வாங்கக் கூடாது. வார்டுப் பொறுப்புச் செவிலியருக்கு, தன் வார்டு நோயாளிக்குக் கொடுப்பதற்காகத்தான் அந்த மருந்தை வைத்திருக்க உரிமை. இன்னொரு வார்டுக்கு வழங்க உரிமை இல்லை. ஒரு நோயாளிக்கு ஒரு வேளை மருந்து உடனே தேவை என்றால், சில மருத்துவமனைகள் பக்கத்து வார்டில் எடுத்து, அந்த வார்டுப் புத்தகத்திலேயே உங்கள் நோயாளியின் பெயரை எழுதிக் கொடுக்க அனுமதிக்கின்றன. உங்கள் விதியில் அது இருக்கிறதா என்று பகலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால், இரவுப் பணியில் அழைப்பில் இருக்கும் மருந்தாளுநரை எழுப்புங்கள். அவர் அதற்காகத்தான் அழைப்பில் இருக்கிறார்.

பதிவேடு நிரம்பிவிட்டது. எவ்வளவு காலம் வைத்திருக்க வேண்டும்?

கடைசி வரி எழுதிய தேதியிலிருந்து இரண்டு ஆண்டுகள்; முதல் வரியிலிருந்து அன்று. வார்டின் கோரிக்கைப் புத்தகத்துக்கும் அதுவே குறைந்தபட்சம். அழித்த விவரங்கள் உள்ள பதிவேட்டைப் பல மருத்துவமனைகள் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கின்றன. புதிய பதிவேட்டுக்கு மாறும் நாளில், ஒவ்வொரு மருந்தையும் சாட்சியுடன் எண்ணி, பழைய பக்கத்தின் கடைசி வரியில் "புதிய பதிவேடு, பக்கம் இத்தனை" என்றும், புதிய பக்கத்தின் முதல் வரியில் "பழைய பதிவேட்டிலிருந்து, இருப்பு இத்தனை" என்றும் எழுதி இரண்டு இடத்திலும் இருவர் கையெழுத்திடுங்கள். காலாவதிப் பையில் காத்திருப்பவற்றையும் மறக்காமல் அந்த எண்ணில் சேருங்கள். புத்தகம் மாறும்போது கணக்கிலிருந்து நழுவுவது பெரும்பாலும் அந்தப் பைதான்.